ஏழு கிடேரிக் கன்றுகளில் மூன்று: தாயின் பால் பதிவையும் காளை எண்ணையும் வைத்து எடுத்த முடிவு

பின்னணி

ஈரோடு மாவட்டத்தில் ஆற்றுப் பாசனமுள்ள ஒரு கிராமம். தாய், மகன், மருமகள் மூவரும் சேர்ந்து பார்க்கும் பண்ணை. கறவையில் பதினோரு மாடுகள். பெரும்பாலானவை ஜெர்சி கலப்பு, மூன்று எச்.எஃப் எனும் ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் கலப்பு. பால் முழுவதும் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறது. பசுந்தீவனத்துக்கு இரண்டு ஏக்கரில் கோ-5 புல் இருக்கிறது, அது கறவை மாடுகளுக்கே சரியாக இருக்கும்.

2019 அக்டோபருக்கும் 2020 மார்ச்சுக்கும் இடையில் ஏழு கிடேரிக் கன்றுகள் பிறந்தன. ஒரு கிடேரி தலையீத்து ஈனச் சுமார் முப்பது மாதம் ஆகும். அதுவரை ஒரு சொட்டு வருமானம் இல்லாமல் தின்னும். மூன்றுக்கு மேல் வளர்க்கத் தீவனம் இல்லை என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த மூன்று என்பதில்தான் வந்தது.

அதுவரை அந்த வீட்டில் கன்று தேர்ந்த முறை எல்லா ஊரிலும் உள்ளதுதான்: தாய் மாடு உச்சத்தில் எத்தனை லிட்டர் கறந்தது என்று நினைவிலிருந்து சொல்வது. அந்தக் கணக்கில் முதலிடம் கரும்பிக்கு. எச்.எஃப் கலப்பு, ஈன்ற இரண்டாம் மாதத்தில் 19 கிலோ கறக்கும். "கரும்பி கன்னை மட்டும் வித்துப்போடாத கண்ணு" என்பது மகனிடம் தாய் சொன்ன முதல் வார்த்தை.

கையில் இருந்த பதிவு

சங்கத்துப் பால் அட்டை மாடுவாரிக் கணக்குக்கு உதவாது, அதில் எல்லா மாட்டுப் பாலும் ஒன்றாகத்தான் ஏறும். இந்தப் பண்ணையின் நல்வாய்ப்பு, மருமகள் 2016 ஜனவரியிலிருந்து மாதம் ஒருநாள் ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனியாக எடை போட்டு எழுதி வந்ததுதான். 14ஆம் தேதி மாலைக் கறவை, 15ஆம் தேதி காலைக் கறவை, இரண்டும் சேர்ந்து ஒருநாள் அளவு. 25 கிலோ தொங்கு தராசில் வாளியோடு தொங்கவிட்டு, வாளியின் எடையைக் கழித்தார். லிட்டர் படியில் அளக்காமல் எடை போட்டது சரியான முடிவு. வேகமாகக் கறப்பவர் கையில் நுரை அதிகம் எழும்பும், படியில் அளந்தால் அந்த நுரையும் பாலாகிவிடும்.

மாதம் ஒருமுறை போதுமா என்று கேட்பார்கள். போதும். ஈன்றதிலிருந்து பால் வற்றும்வரை ஒரு ஈத்து, அதற்குப் பத்து அளவைகள் கிடைக்கும். அவற்றைக் கூட்டி 30.5ஆல் பெருக்கினால் 305 நாள் பால் கிட்டத்தட்ட வந்துவிடும். தினமும் எழுத வேண்டும் என்று தொடங்கியவர்கள் இரண்டாம் மாதத்தில் விட்டுவிடுவதே வழக்கம்.

கரும்பியும் செவலையும்

2020 மே மாதத்தில் நோட்டுகளை எடுத்துக் கூட்டியபோது முதலில் தெரிந்தது, நினைவில் இருந்த வரிசையும் நோட்டில் இருந்த வரிசையும் வேறு என்பது.

கரும்பியின் மூன்றாம் ஈத்து அளவைகள் மாதவாரியாக: 17, 19, 15, 11.5, 9, 7, 5.5, 4. எட்டாம் மாதத்தோடு வற்றிவிட்டது. கூட்டினால் 88. அதை 30.5ஆல் பெருக்க 2,684 கிலோ. செவலை என்ற ஜெர்சி கலப்பு மாடு ஒருநாளும் 14 கிலோவைத் தாண்டியதில்லை. அதன் மூன்றாம் ஈத்து: 13.5, 14, 12.5, 11.5, 10.5, 9.5, 9, 8, 7, 6. கூட்டினால் 101.5, ஈத்துக்கு 3,096 கிலோ. உச்சத்தில் ஐந்து கிலோ குறைவாகக் கறந்த மாடு, ஈத்து முடியும்போது நானூறு கிலோவுக்கு மேல் கூடுதலாகக் கொடுத்திருந்தது. கொழுப்பும் செவலைக்கு 4.7, கரும்பிக்கு 3.6. சங்கம் கொழுப்பையும் இதர சத்தையும் பார்த்துத்தான் காசு தருகிறது என்பதால் இந்த இடைவெளி ரூபாயில் இன்னும் பெரிது.

தாயார் இதை உடனே ஏற்கவில்லை. நோட்டில் வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தபின், "ஆறாம் மாசத்துல இது இப்படியா இறங்குது?" என்று கேட்டார். உச்சம் எல்லாருக்கும் நினைவிருக்கும். இறக்கத்தை யாரும் மனதில் எழுதி வைப்பதில்லை.

பதிவுகளைச் சமமாக்கியது

அடுத்து, வெவ்வேறு ஈத்தில் இருந்த மாடுகளை ஒரே தட்டில் வைக்க வேண்டியிருந்தது. தலையீத்து மாடு வளர்ந்து முடிக்காத மாடு, அதன் பாலை மூன்றாம் ஈத்துப் பாலோடு நேராக ஒப்பிட்டால் இளம் மாடுகள் எப்போதும் தோற்கும். தலையீத்துப் பாலை 1.25ஆலும் இரண்டாம் ஈத்தை 1.1ஆலும் பெருக்கி, மூன்றிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இவை தோராயமான எண்கள்தான், ஆனால் திருத்தாமல் விடுவதைவிட மேல். இப்படித் திருத்தியபின் மந்தையின் சராசரி ஈத்துக்கு 2,750 கிலோ.

பிறகு ஒவ்வொரு தாயும் இந்தச் சராசரிக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று எழுதினார்கள். இந்த வித்தியாசம் அப்படியே கன்றுக்கு இறங்கும் என்று எண்ணுவதுதான் அடுத்த பொதுவான பிழை. ஒரு மாடு அதிகம் கறந்ததற்கு அந்த ஆண்டு நல்ல தீவனமோ, ஈன்ற பருவமோ, மடிநோய் வராத அதிர்ஷ்டமோ காரணமாக இருக்கலாம். பால் அளவில் மாட்டுக்கு மாடு காணும் வித்தியாசத்தில் சுமார் கால் பங்குதான் வம்சத்தின் வழியாக இறங்குவது. ஒரே மாட்டின் பல ஈத்துப் பதிவுகள் இருந்தால் நம்பிக்கை கொஞ்சம் கூடும். அதற்கான பெருக்கு எண்:

n × 0.25 ÷ (1 + (n − 1) × 0.5)

இதில் n என்பது பதிவான ஈத்துகள். ஒரு ஈத்து இருந்தால் 0.25, இரண்டு இருந்தால் 0.33, மூன்று இருந்தால் 0.375. இதிலும் பாதிதான் கன்றுக்கு. மறுபாதி காளையிடமிருந்து வருகிறது.

செவலையின் இரண்டு ஈத்துச் சராசரி 3,050. மந்தையைவிட 300 கிலோ அதிகம். அதை 0.33ஆல் பெருக்கினால் 100, பாதியாக்கினால் 50. அதாவது தாய்வழியில் செவலையின் கன்றிடம் எதிர்பார்க்கக்கூடிய கூடுதல் ஒரு ஈத்துக்கு 50 கிலோ மட்டுமே. கரும்பியின் சராசரி 2,700, சராசரிக்கு 50 கீழே. அதன் கன்றுக்குத் தாய்வழிக் குறை வெறும் 8 கிலோ. இந்த எண்களைப் பார்த்த மகனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நான்கு ஆண்டு எழுதியதற்கு இவ்வளவுதானா என்றார். இவ்வளவுதான். ஒரு மாட்டின் பதிவு அந்த மாட்டை வைத்துக்கொள்வதா என்பதற்குத் தரும் விடை உறுதியானது, அதன் மகளைப் பற்றித் தரும் விடை மங்கலானது.

காளை எண்ணைத் தேடியது

காளை ஒரே நேரத்தில் பல மந்தைகளில் நூற்றுக்கணக்கான மகள்களைப் பெறுகிறது. அந்த மகள்களின் பாலை அளந்து மதிப்பிட்ட காளையென்றால், அதைப் பற்றிய தகவல் எந்தத் தாயின் பதிவையும்விட நம்பகமானது. இந்த ஏழு கன்றுகளில் நான்குக்குத் தந்தை யாரென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சினை ஊசி போட்ட விந்துக் குழலை அன்றே குப்பையில் போட்டிருந்தார்கள்.

கால்நடை மருந்தகத்தின் சினை ஊசிப் பதிவேட்டில் தேதியும் உரிமையாளர் பெயரும் காளை எண்ணும் இருந்தன. ஆனால் எண் கிடைத்ததோடு வேலை முடியவில்லை. செவலைக்கு 2019 மார்ச் 4ஆம் தேதி ஒரு காளையின் ஊசியும், பருவம் திரும்ப வந்ததால் மார்ச் 25ஆம் தேதி வேறொரு காளையின் ஊசியும் போட்டிருந்தது. கன்று பிறந்தது டிசம்பர் 31. மார்ச் 4இலிருந்து எண்ணினால் 302 நாள், மார்ச் 25இலிருந்து 281 நாள். பசுவின் சினைக்காலம் 280 நாளை ஒட்டியது, பத்து நாள் முன்பின் இருக்கலாம். எனவே தந்தை இரண்டாம் காளைதான். பதிவேட்டின் முதல் வரியை மட்டும் பார்த்து எழுதியிருந்தால் கன்றுக்குத் தவறான தந்தை ஏறியிருக்கும். இப்படி நாள் எண்ணிப் பார்ப்பதைத் தவறவிடவே கூடாது.

அந்த இரண்டாம் காளையை இங்கே 'மதிப்பிட்ட காளை' என்று வைத்துக்கொள்வோம். மகள்களின் பாலை வைத்துக் கணித்த அதன் இனப்பெருக்க மதிப்பு காளைப் பட்டியலில் +300 கிலோ என்றிருந்தது. வீட்டில் முதலில் 300ஐ அப்படியே கூட்டிவிட்டார்கள். இனப்பெருக்க மதிப்பில் பாதிதான் மகளுக்கு இறங்கும், ஆகவே 150. சில பட்டியல்கள் பாதியாக்கிய எண்ணையே அச்சிடுகின்றன. எந்த எண் என்று தலைப்பில் பார்க்காமல் இரண்டு பட்டியல்களைக் கலக்கக்கூடாது. தவிர, இந்த +300 அந்த மதிப்பீட்டில் இருந்த மந்தைகளோடு ஒப்பிட்டது. ஒரே பட்டியலில் உள்ள காளைகளை வரிசைப்படுத்த அது உதவும். இந்தத் தொழுவத்தில் 150 கிலோ கூடும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

தலையீத்துப் பதிவு மட்டுமே உள்ள மயிலை என்ற பசுவின் கன்றுக்குத் தந்தை ஓர் இளம் காளை. அதற்கு மகள்களின் பதிவு எதுவும் இல்லை, "தாயின் பால் 7,000 கிலோ" என்ற குறிப்பு மட்டும் இருந்தது. பலர் மயங்குவது இங்கேதான். 7,000 என்பது அந்தக் காளையின் தாய் வேறொரு பண்ணையில், வேறு தீவனத்தில், பெரும்பாலும் அதன் சிறந்த ஈத்தில் கொடுத்த பால். காளையிடம் அதில் எவ்வளவு இறங்கியது என்று மகள்கள் கறக்கும்வரை தெரியாது. எனவே அந்தக் காளைக்குச் சுழியம் போட்டார்கள். சுழியம் என்றால் மோசம் என்று பொருளல்ல, தெரியாது என்றுதான் பொருள்.

கழித்தவை

மூன்று கன்றுகள் முதலில் கழிந்தன. ஒன்றின் தாய்க்குத் தொங்கும் மடி, புனல் போன்ற காம்புகள், திரும்பத் திரும்ப மடிநோய். மடியின் அமைப்பு வம்சத்தில் இறங்கும். இன்னொன்றின் தாய் மந்தைச் சராசரிக்கு மிகவும் கீழே.

மூன்றாவதைக் கழிக்கத்தான் மனம் வரவில்லை. மந்தையிலேயே அதிகம் கறக்கும் பசுவின் கன்று அது, மூன்று ஈத்துச் சராசரி 3,300. ஆனால் அது காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்தது. அப்படிப் பிறக்கும் கிடேரிகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் மலடு. கருப்பையில் இரண்டின் இரத்த ஓட்டமும் கலந்து, காளைக்கன்றின் தாக்கத்தால் கிடேரியின் இனப்பெருக்க உறுப்புகள் வளராமல் போய்விடும். வெளியில் பார்த்தால் சாதாரணக் கிடேரிதான். மூன்றாம் வாரத்தில் கால்நடை மருத்துவர் வழவழப்பான முனையுள்ள, மசகு தடவிய கண்ணாடிக் குழாயை மெதுவாகச் செலுத்திப் பார்த்தார். ஆறேழு சென்டிமீட்டரில் நின்றுவிட்டது. அதே வயதுள்ள வேறொரு கன்றில் பதின்மூன்று சென்டிமீட்டர் வரை தடையில்லாமல் போயிற்று. இந்தச் சோதனை செய்யாமல் வளர்த்திருந்தால் இரண்டு வயதில்தான் பருவத்துக்கு வரவில்லை என்று தெரிந்திருக்கும்.

முடிவு, 2020 ஜூன்

நான்கு மீதம். செவலையின் கன்றுக்குத் தாய்வழி 50, தந்தைவழி 150, ஆக +200. கரும்பியின் கன்றுக்கும் தந்தை அதே மதிப்பிட்ட காளை என்று பதிவேடு சொன்னது. தாய்வழி −8, தந்தைவழி 150, ஆக +142. தாயார் கேட்டபடியே கரும்பியின் கன்று தங்கியது, ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக அல்ல. கரும்பி சினை பிடிக்கத் தாமதமாகும் மாடு, ஈத்துக்கு ஈத்து பதினைந்து மாதம் ஆகிறது. இதற்காகக் கன்றைக் கழிக்கலாமா என்ற பேச்சு வந்தது. சினை பிடிப்பதில் உள்ள சுணக்கம் மகளுக்கு இறங்குவது மிகக் குறைவு, பெரும்பாலும் தீவனமும் பராமரிப்பும்தான் காரணம். அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்றாம் இடத்துக்குச் சுட்டியின் கன்றும் மயிலையின் கன்றும். சுட்டிக்கு மூன்று ஈத்துப் பதிவு, சராசரி 3,150. தாய்வழி +75. தந்தை பக்கத்து ஊர்ப் பொலிகாளை, அதைப் பற்றி எதுவும் தெரியாது, சுழியம். மயிலைக்கு ஒரே ஈத்து, 2,560 கிலோ. 1.25ஆல் திருத்தினால் 3,200, தாய்வழி +56.

இருபது கிலோ வித்தியாசத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அப்போது மருமகள் நோட்டின் ஓரத்தில் எழுதியிருந்த ஒரு குறிப்பைக் காட்டினார்: மயிலையின் தலையீத்துக் கன்று பிறந்த சில நாளில் இறந்துவிட்டது. மற்ற மாடுகளுக்கெல்லாம் முதல் மூன்று மாதம் கன்று ஊட்டும், நாளுக்குச் சுமார் இரண்டு கிலோ கன்று வயிற்றுக்குப் போகும், வாளிக்கு வராது. மயிலையின் பால் முழுவதும் வாளிக்கு வந்திருந்தது. அந்த 180 கிலோவைக் கழித்தால் 2,380, திருத்தினால் 2,975, தாய்வழி +28 ஆகக் குறைகிறது. கன்று ஊட்டும் வழக்கமுள்ள எந்தப் பண்ணையிலும் இந்தப் பிழை ஒளிந்திருக்கும். கன்று இறந்த மாடு நோட்டில் நல்ல மாடாகத் தெரியும்.

சுட்டியின் கன்றை வைத்துக்கொண்டார்கள். மயிலையின் கன்று அதே ஊரில் உறவினர் வீட்டுக்கு விலைக்குப் போயிற்று.

நடந்தது

மூன்று கிடேரிகளும் 2022இல் ஈன்றன, இருபத்தொன்பதிலிருந்து முப்பத்திரண்டு மாத வயதில். தலையீத்து 305 நாள் முடிந்தபோது செவலையின் மகள் 2,640 கிலோ, கரும்பியின் மகள் 2,480, சுட்டியின் மகள் 2,150. உறவினரும் அதே தராசை மாதம் ஒருமுறை இரவல் வாங்கி எடை போட்டார். மயிலையின் மகள் 2,420.

அதே 1.25ஆல் திருத்தினால் செவலையின் மகள் 3,300, கரும்பியின் மகள் 3,100, மயிலையின் மகள் 3,025, சுட்டியின் மகள் 2,690. அதற்குள் மந்தைச் சராசரி 2,850க்கு ஏறியிருந்தது. மூன்றில் இரண்டு மேலே, ஒன்று கீழே. விற்ற கன்று, வைத்துக்கொண்ட ஒன்றைவிட நன்றாகக் கறந்தது.

இதை வைத்து முறை வென்றது என்றோ, மூன்றாவது முடிவு தவறு என்றோ சொல்ல முடியாது. செவலையின் மகள் சராசரியைவிட 450 கிலோ அதிகம் கறந்தது, எதிர்பார்த்ததோ 200. அந்த மிச்சத்தில் தீவனமும் அதிர்ஷ்டமும் இருக்கின்றன. ஒரே தாய், ஒரே காளைக்குப் பிறந்த இரண்டு கிடேரிகளே நூற்றுக்கணக்கான கிலோ வேறுபடும். எந்தப் பாதி இறங்குகிறது என்பதைப் பெற்றோரின் பதிவு சொல்லாது. மயிலையின் மகள் உறவினர் வீட்டில் வேறு தீவனத்தில் இருந்ததால், அந்த ஒப்பீட்டுக்கும் எடை குறைவுதான். உறுதியாகத் தெரிவது ஒன்று: சுட்டி, மயிலை இரண்டுக்குமே தந்தைவழியில் ஒன்றும் தெரியாமல்தான் தேர்வு நடந்தது. கணக்கின் பெரிய பாதி வெற்றிடமாக இருந்த இடத்தில்தான் முடிவு தடுமாறியது.

கரும்பியின் மகளுக்கு ஆறாம் மாதத்திலும் பத்து கிலோ இருந்தது, கொழுப்பு 4.2. தாயைப் போல ஏறிச் சரியவில்லை.

மாற்றிக்கொண்டவை

சினை ஊசி போட்டவுடன் காலிக் குழலைத் துடைத்து, பசையொட்டி நாடாவால் நோட்டில் அந்த மாட்டின் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள். காளை எண் குழலிலேயே அச்சாகியிருப்பதால் கையால் எழுதும்போது வரும் எண் பிழை இல்லை. பக்கத்தில் தேதி. பருவம் திரும்பினால் அடுத்த குழல் அதன் கீழே. பொலிகாளையிடம் விடுவதை நிறுத்திவிட்டார்கள், தொற்று நோய்ப் பயமும் அதற்கு ஒரு காரணம்.

பால் நோட்டில் 'கன்று ஊட்டுகிறதா' என்று ஒரு பத்தி சேர்ந்தது. மடிநோயால் காம்பு அடைபட்ட மாதங்களையும் குறிக்கிறார்கள், இல்லையென்றால் அந்த ஈத்து தாயின் தகுதியைக் குறைத்துக் காட்டும்.

மூன்றே என்று நிற்காமல் நான்கை வைத்து, சினை உறுதியானபின் ஒன்றை விற்பதாகவும் மாற்றியிருக்கிறார்கள். சினைக் கிடேரிக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு, கன்றை விற்பதைப் போல நட்டம் இல்லை. இதற்காகக் கூடுதலாக அரை ஏக்கர் புல் போட வேண்டியிருந்தது. தீவனம் கூடாமல் இதைச் செய்தால் நான்கும் மெலிந்து, பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும்.

காளை எண்ணை நோட்டில் வைத்திருப்பதன் பயன் எதிர்பாராத இடத்திலும் தெரிந்தது. 2021 ஆகஸ்டில் செவலையின் மகள் பருவத்துக்கு வந்தபோது ஊசி போட வந்தவர் குடுவையிலிருந்து எடுத்த குழலில் அதே மதிப்பிட்ட காளையின் எண் இருந்தது. மகளுக்கே தந்தையின் ஊசி. மருமகள் நோட்டைக் காட்டினார். அவர் வேறு குழலை எடுத்துப் போட்டார்.